ஆப்பில் போட்டதும் காணாமல் போகும் க்ளோ, நிழல், அசைவு: சரிசெய்யச் சில குறிப்புகள்

கணினியில் ஜொலித்த அனிமேஷன், ஆப்பில் போட்டதும் சோபை இழந்து நிற்கும். க்ளோ இருக்காது, நிழல் இருக்காது, ஆட வேண்டியது ஆடாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்து, பாடிமூவின் வழியாக ஜேசன் கோப்பாக எடுத்து, லாட்டி பிளேயரில் ஓட்டுகிற எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள்.

நான் அப்படி நின்றது ஒரு பஸ் டிக்கெட் ஆப்புக்காக. முதன்முதலாகத் திறப்பவருக்கு வரும் மூன்று அறிமுகத் திரைகளில் இரண்டாவது அது. காட்சி எளிமையானதுதான். மேலிருந்து ஒரு டிக்கெட் இறங்கும், பின்னால் இருக்கும் போன் லேசாக அதிரும், டிக்கெட்டின் மேல் ஒரு பச்சை டிக் குறி ஒளிவட்டத்தோடு எழும். 400க்கு 400 அளவு, நொடிக்கு 30 ஃபிரேம், மொத்தம் 90 ஃபிரேம். பிரவுசர் முன்னோட்டத்தில் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. போனில் ஒளிவட்டம் இல்லை, போன் அதிரவில்லை, டிக்கெட்டின் இரு ஓரங்களிலும் பிறை வடிவில் வெட்டியிருந்த பள்ளங்கள் வெளியே புடைத்த காதுகளாகத் தெரிந்தன. அந்த ஒரு காட்சியை வைத்தே இந்தக் குறிப்புகளைச் சொல்கிறேன்.

1. பிளேயர் எதை வரைகிறது என்று முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2017இல் ஏர்பிஎன்பி நிறுவனம் வெளியிட்ட லாட்டிக்கு அந்தப் பெயர் லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியத் திரைக்கலைஞரை நினைத்து வைத்தது. கறுப்புக் காகிதத்தைக் கத்தரியால் வெட்டி, நிழலுருவங்களாக நகர்த்தி, 1926லேயே முழுநீளப் படம் எடுத்தவர். பொருத்தமான பெயர். லாட்டி செய்வதும் ஏறக்குறைய காகித வெட்டு வேலைதான். வடிவத்தின் கோடு, அதன் நிறம், எந்த ஃபிரேமில் எந்த இடத்தில் என்ன அளவில் என்ற எண்கள், இவைதான் ஜேசன் கோப்பில் இருக்கின்றன. க்ளோ, பிளர் போன்றவை வேறு ஜாதி. படம் வரையப்பட்ட பிறகு அதன் ஒவ்வொரு பிக்சலையும் எடுத்துக் குழைப்பவை அவை. அந்தக் குழைக்கும் வேலையை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் செய்தது. போனில் அதைச் செய்ய ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இல்லை.

அதனால் தொலைந்த எஃபெக்டைத் திரும்ப வரவைக்க எக்ஸ்போர்ட் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பெரும்பாலும் பயன் இல்லை. அந்த எஃபெக்டை வடிவங்களாலேயே மறுபடி கட்டுவதுதான் வழி.

2. கோப்பில் தொலைந்ததா, போனில் தொலைந்ததா என்று பிரித்துப் பாருங்கள்.

இதைச் செய்யாமல் டிசைனரும் டெவலப்பரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பதில் நாட்கள் போய்விடும். ஐந்து நிமிட வேலைதான். ஜேசன் கோப்பைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, இந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள்:

```
"ef":[
"x":"var $bm_rt
"ty":"mm"
"p":"img_
```

முதலாவது, ஏதோ ஒரு லேயரில் எஃபெக்ட் இருப்பதைக் காட்டும். இரண்டாவது எக்ஸ்பிரஷன். மூன்றாவது மெர்ஜ் பாத்ஸ். நான்காவது, கோப்புக்கு வெளியே தனியாக இருக்கும் ஒரு படம். நீங்கள் போட்ட எஃபெக்ட் கோப்பிலேயே இல்லையென்றால் பாடிமூவின் அதை விட்டுவிட்டது என்று பொருள். கோப்பில் இருந்தும் திரையில் தெரியவில்லை என்றால், அந்த பிளேயர் அதைப் படித்துவிட்டுக் கடந்து போகிறது.

பாடிமூவின் பேனலில் தெரியும் முன்னோட்டத்தை நம்பி ஏமாறுவது இங்கேதான். அங்கே ஓடுவது பிரவுசருக்கான பிளேயர். எக்ஸ்பிரஷன்களை அது ஜாவாஸ்கிரிப்டாகவே இயக்கிவிடும். சில எஃபெக்டுகளை எஸ்விஜி ஃபில்டர்களைக் கொண்டு காட்டிவிடும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருப்பவை தனித்தனியாக எழுதப்பட்ட வேறு பிளேயர்கள். ஃப்ளட்டரில் செய்த ஆப் என்றால் அதற்கு இன்னொன்று. ஆண்ட்ராய்டு பிளேயரை டார்ட் மொழியில் மாற்றி எழுதியது அது. ஆகவே ஆப் எதில் எழுதப்பட்டது, லாட்டியின் எந்தப் பதிப்பு அதில் இருக்கிறது என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் இந்த ஒரு வரியை டெவலப்பர் பார்த்துச் சொல்லிவிடுவார்:

```
implementation "com.airbnb.android:lottie:..."
```

3. க்ளோவை ரேடியல் கிரேடியன்டாக வரையுங்கள்.

Effect மெனுவின் Stylize பகுதியில் இருக்கும் Glow ஆப்புக்குள் வராது. ஆனால் கண்ணுக்கு க்ளோ என்று தெரிவது எது? நடுவில் அடர்த்தியாகத் தொடங்கி வெளியே போகப் போகக் கரையும் ஒரு நிறம். அதை ஒரே ஒரு வட்டத்தால் செய்துவிடலாம்.

டிக் குறிக்குக் கீழே ஒரு புதிய ஷேப் லேயர் போடுங்கள். அதில் 220 அளவுள்ள ஒரு வட்டம். அதற்கு Gradient Fill கொடுத்து வகையை Radial ஆக்குங்கள். தொடக்கப் புள்ளி வட்டத்தின் நடுவில், அதாவது 0, 0. முடிவுப் புள்ளி விளிம்பில், அதாவது 110, 0. பிறகு கிரேடியன்ட் எடிட்டரில் ஒபாசிட்டியை நடுவில் 55%, பாதி வழியில் 18%, விளிம்பில் 0% என்று வையுங்கள். நேர்கோடாக 55லிருந்து 0க்கு இறக்கினால் தட்டையான வட்டு போலத் தெரியும். பாதி வழியில் சட்டென்று இறங்கி, அதன்பின் மெதுவாகக் கரைந்தால்தான் ஒளி போல இருக்கும்.

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. விளிம்பில் ஒபாசிட்டி 0 தானே, நிறம் எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்து, அங்கே இருக்கும் கறுப்பையோ வெள்ளையையோ அப்படியே விட்டுவிடுவோம். நிறமும் சேர்ந்துதானே கலக்கிறது? பச்சை ஒளியைச் சுற்றி அழுக்கு வளையம் ஒன்று படியும். முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை ஒரே பச்சையை வையுங்கள். நிறப் புள்ளிகளும் ஒபாசிட்டிப் புள்ளிகளும் ஒரே இடங்களில் இருக்கும்படி 0, 50, 100 என்று அமைத்துக்கொள்வதும் நல்லது. பழைய பிளேயர்கள் இரண்டும் வேறு வேறு இடங்களில் இருந்தால் தடுமாறும்.

ஒளி துடிப்பது போல வேண்டுமென்றால் கிரேடியன்டைத் தொட வேண்டாம். லேயரின் அளவை 100லிருந்து 112க்கும் மீண்டும் 100க்கும், ஒபாசிட்டியை 80லிருந்து 100க்கும் மீண்டும் 80க்கும் 45 ஃபிரேம்களில் கொண்டுவந்தால் போதும். இரண்டும் எந்த பிளேயரிலும் பிசகாது.

4. கிரேடியன்ட் போட்ட பிறகு புராஜெக்டைச் சேமித்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

சின்னக் குறிப்பு, ஆனால் பலருடைய மாலை நேரத்தை விழுங்கியிருக்கிறது. கிரேடியன்டின் நிறங்களை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஸ்கிரிப்டுகளுக்கு நேரடியாகக் கொடுப்பதில்லை. அதனால் பாடிமூவின் அவற்றை வட்டில் சேமித்திருக்கும் புராஜெக்ட் கோப்பைத் திறந்து படிக்கிறது. நீங்கள் சேமிக்காவிட்டால் அதற்குக் கிடைப்பது பழைய நிறம். பச்சை ஒளிக்குப் பதிலாக வெள்ளையும் கறுப்பும் வந்து நின்றால் முதலில் சேமித்து, மறுபடி எடுத்துப் பாருங்கள்.

5. நிழலுக்கு பிளர் வேண்டாம், அடுக்குகள் போதும்.

நிழல் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Drop Shadow என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன. ஒன்று எஃபெக்ட், இன்னொன்று லேயர் ஸ்டைல். பெயர் ஒன்றானாலும் கோப்பில் இரண்டும் வெவ்வேறாக எழுதப்படுகின்றன. போன் பிளேயர்களின் புதிய பதிப்புகள் எஃபெக்ட் வகை நிழலையும், ஆண்ட்ராய்டில் காஸியன் பிளரையும் ஓரளவு வரைகின்றன. ஆப்பில் இருப்பது பழைய பதிப்பு என்றால் எதுவுமே வராது. வந்தாலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் பிக்சல்களைக் குழைக்க வேண்டியிருப்பதால், விலை குறைந்த போன்களில் அனிமேஷன் திக்கும். ஆப்பைத் திறந்த முதல் அரை நிமிடத்தில் திக்குவதை நான் ஏற்கமாட்டேன். அதனால் பிளேயர் ஆதரித்தாலும் இதை நான் பயன்படுத்துவதில்லை.

என் டிக்கெட்டின் அளவு 280க்கு 150, மூலை வளைவு 16. அதன் நிழலுக்கு நான் செய்தது இது. டிக்கெட்டுக்கு அடியில் ஒரு ஷேப் லேயரில் நான்கு செவ்வகங்கள். முதலாவது டிக்கெட்டின் அளவே. அடுத்தடுத்தவை அகலத்திலும் உயரத்திலும் 8, 8 கூடிக்கொண்டே போகும், மூலை வளைவும் 4, 4 கூடும். நான்கும் கருநீலம், ஒவ்வொன்றின் ஃபில் ஒபாசிட்டியும் 5%. மொத்த லேயரையும் 10 பிக்சல் கீழே இறக்கினேன். நான்கும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் ஏறக்குறைய 18.5% அடர்த்தி வரும்; வெளி விளிம்பில் 5% மட்டும். போன் திரையின் அளவில் படிகள் கண்ணுக்குத் தெரியவில்லை, மென்மையான நிழலாகவே தெரிந்தது.

தரையில் விழும் நிழல் என்றால் இன்னும் எளிது. மூன்றாம் குறிப்பில் சொன்ன ரேடியல் வட்டத்தையே கருநிறத்தில் செய்து, லேயரின் அளவில் உயரத்தை மட்டும் 20% ஆக்கிவிடுங்கள். வட்டம் நசுங்கும்போது கிரேடியன்டும் அதோடு நசுங்கி, தரையில் படிந்த நீள்வட்ட நிழலாகிவிடும்.

நிழல் காம்பொசிஷனின் எல்லைக்கு வெளியே போனால் கத்தரித்தது போல நேர்கோட்டில் வெட்டுப்படும். எனக்கு அடியில் 6 பிக்சல் அப்படி வெட்டுப்பட்டது. காம்பொசிஷனைக் கொஞ்சம் பெரிதாக்குவதுதான் இரண்டு வகைப் போன்களுக்கும் பொதுவான தீர்வு. ஆண்ட்ராய்டில் மட்டும் பிரச்சினை என்றால் இந்த வரி உதவும்:

```
animationView.setClipToCompositionBounds(false)
```

6. எக்ஸ்பிரஷனைக் கீஃபிரேமாக மாற்றுங்கள், ஆனால் கண்மூடித்தனமாக வேண்டாம்.

போன் அதிர்வதற்கு நான் எழுதியிருந்தது `wiggle(2, 5)`. கோப்பில் அது "x" என்ற பெயரில் வரியாகவே போய் உட்கார்ந்திருந்தது. ஆண்ட்ராய்டு, ஐபோன் பிளேயர்கள் அந்த வரியைப் படித்து இயக்குவதில்லை. பக்கத்தில் இருக்கும் அசையாத மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. போன் அதிராமல் நின்றதற்கு அதுதான் காரணம்.

நேர் வழி, அந்தப் பண்பைத் தேர்ந்தெடுத்து Animation மெனுவில் Keyframe Assistant சென்று Convert Expression to Keyframes அழுத்துவது. அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கீஃபிரேம் விழும். என் காட்சியில் ஒரே பண்புக்கு 90. இப்படி ஏழெட்டுப் பண்புகள் இருந்தால் கோப்பு வீங்கிவிடும், பிறகு கையால் திருத்தவும் முடியாது. அதோடு `wiggle` தரும் அசைவு தொடங்கிய இடத்தில் முடியாது. தொடர்ந்து ஓடவிட்டால் 90ஆம் ஃபிரேமிலிருந்து 0க்குத் தாவும்போது ஒரு வெட்டு தெரியும்.

அதனால் நான் எக்ஸ்பிரஷனை நீக்கிவிட்டு, சுழற்சியில் ஏழு கீஃபிரேம்களைக் கையாலேயே வைத்தேன். 0 பாகை, 3, -2, 4, -3, 2, கடைசியில் மீண்டும் 0. இடைவெளிகளை வேண்டுமென்றே சமமில்லாமல் 12, 17, 14 ஃபிரேம்கள் என்று மாற்றி மாற்றி வைத்து, எல்லாவற்றுக்கும் Easy Ease கொடுத்தேன். முதலும் கடைசியும் ஒரே மதிப்பாக இருப்பதால் சுற்றிச் சுற்றி ஓடினாலும் ஒட்டு தெரியாது.

`loopOut()` எழுதியிருந்தீர்களானால் அதையும் நீக்குங்கள். திரும்பத் திரும்ப ஓட்டுவது பிளேயரின் வேலை. டிக்கெட் ஒரே ஒருமுறை இறங்கவேண்டும், அதன்பின் ஒளி மட்டும் துடித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றால் அதற்கும் கோப்பில் ஏதும் தேவையில்லை. 0 முதல் 45 வரை ஒருமுறை, பிறகு 45 முதல் 90 வரை சுற்று என்று டெவலப்பரிடம் எழுதிக் கொடுங்கள். ஐபோனில் இரண்டாவது பகுதிக்கான வரி இப்படி இருக்கும்:

```
animationView.play(fromFrame: 45, toFrame: 90, loopMode: .loop)
```

ஆண்ட்ராய்டில் `setMinAndMaxFrame(45, 90)`, `setRepeatCount(LottieDrawable.INFINITE)` இரண்டையும் கொடுத்து `playAnimation()` அழைத்தால் இதே வேலை நடக்கும். போன் அதிர்வு இந்த இரண்டாம் பகுதியிலும் தொடரவேண்டும் என்றால் 45ஆம் ஃபிரேமிலும் அது 0 பாகைக்கு வந்திருக்கவேண்டும். இதை மறந்து ஒருமுறை மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன்.

7. மெர்ஜ் பாத்ஸை எடுத்துவிட்டு, வெட்டிய வடிவத்தையே கொண்டுவாருங்கள்.

டிக்கெட்டுக்குக் காது முளைத்த கதை இதுதான். ஒரு செவ்வகம், அதன் இடது வலது விளிம்புகளில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இரண்டு வட்டங்கள், பிறகு Merge Paths போட்டு Subtract. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் செவ்வகத்திலிருந்து வட்டங்களைக் கழித்துப் பிறை வடிவப் பள்ளங்களைக் கொடுத்தது. ஐபோன் பிளேயர் அந்தக் கழித்தலைச் செய்வதில்லை. ஆண்ட்ராய்டில் அது இயல்பாக அணைந்திருக்கும். அப்போது மூன்று வடிவங்களும் ஒரே நிறத்தில் நிரம்பிவிடும். வட்டங்களின் வெளிப்பாதிதான் காதாகத் தெரியும். ஆண்ட்ராய்டில் இது நடந்தால் லாக்கில் இப்படி ஓர் எச்சரிக்கையும் விழும்:

```
Animation contains merge paths but they are disabled.
```

ஆண்ட்ராய்டில் `enableMergePathsForKitKatAndAbove(true)` என்று கொடுத்தால் சரியாகிவிடும். புதிய பதிப்புகளில் இதே வசதி `enableFeatureFlag` வழியாக இருக்கிறது. ஆனால் ஐபோன் அப்படியே நிற்கும். ஒரே கோப்பு இரண்டிலும் ஓடவேண்டும் என்றால் மெர்ஜ் பாத்ஸ் இல்லாமலேயே செய்வதுதான் ஒழுங்கு.

ஓட்டை முழுவதும் வடிவத்துக்கு உள்ளேயே இருந்தால் வேலை சுலபம். வளையம், சாவித் துவாரம், எழுத்துகளின் உள்வட்டம் போன்றவை இந்த வகை. மெர்ஜ் பாத்ஸை நீக்கிவிட்டு Fill பகுதியில் Fill Rule என்பதை Even-Odd ஆக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் தானாகவே வெறுமையாகிவிடும். இல்லஸ்ட்ரேட்டர் படத்தை Create Shapes from Vector Layer கொடுத்து மாற்றும்போது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தானே சேர்க்கும் மெர்ஜ் பாத்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும்.

என் டிக்கெட்டுக்கு இந்த வழி உதவாது. வட்டத்தின் பாதி வெளியே நிற்பதால், Even-Odd விதிப்படி அந்த வெளிப்பாதி நிரம்பியேதான் இருக்கும். பள்ளம் விழும், காதும் நிற்கும். விளிம்பைக் கடிக்கும் எந்த வெட்டுக்கும் இதே கதிதான். அங்கே இல்லஸ்ட்ரேட்டருக்குப் போய், Pathfinder பேனலில் Minus Front அழுத்தி, வெட்டிமுடித்த ஒரே கோட்டை நகலெடுத்து, ஷேப் லேயரின் பாத்தில் ஒட்டுவதுதான் வழி. எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் பின்னணி நிறத்தில் இரண்டு வட்டங்களை வைத்து மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஐந்தாம் குறிப்பில் போட்ட நிழலின் மேல் அந்த வட்டங்கள் அப்பட்டமாகத் தெரியும். டார்க் மோடுக்கு மாற்றியதும் கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் நிற்கும்.

8. மங்கி மறையும்போது உள்வடிவங்கள் தெரிந்தால் இதைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் ஆண்ட்ராய்டில் ஒன்று உறுத்தியது. டிக்கெட் தோன்றும் முதல் பத்து ஃபிரேம்களில், அதன்மேல் இருக்கும் பட்டையும் அதற்குக் கீழே மறைந்திருக்கவேண்டிய செவ்வகமும் கண்ணாடித் தாள் போல ஒன்றின் வழியாக ஒன்று தெரிந்தன.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் லேயர் முழுவதையும் ஒரே படமாக்கி, அதன்பின் ஒபாசிட்டியைக் குறைக்கிறது. ஆண்ட்ராய்டு பிளேயரோ வேகத்துக்காக ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாகக் குறைக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று இருக்கும் வடிவங்கள் இரண்டும் பாதி ஒளிபுகும்போது அடியில் இருப்பது தெரியத்தானே செய்யும்? பிளேயரில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது:

```
animationView.setApplyingOpacityToLayersEnabled(true)
```

வேகம் கொஞ்சம் குறையும். அதைவிட, மங்கித் தோன்றுவதையே தவிர்த்து அளவில் வளர்ந்து தோன்றும்படி செய்தால் பிரச்சினையே இல்லை. நான் டிக்கெட்டை 0 அளவிலிருந்து 104 வரை வளர்த்து 100இல் நிறுத்தினேன். பார்க்கவும் அதுவே துள்ளலாக இருந்தது.

9. எழுத்தை அனிமேஷனுக்குள் வைக்காதீர்கள், தமிழ் எழுத்தை ஒருபோதும் வைக்காதீர்கள்.

எழுத்துகளைக் கோட்டுருவமாக ஏற்றுமதி செய்யும் Glyphs வசதி ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக எடுத்து அடுக்குகிறது. ஆங்கிலத்துக்கு அது ஒத்துவரும். தமிழில் ‘கொ’ என்பது ககரமும் அதன் இருபுறமும் பிரிந்து நிற்கும் கொம்பும் காலும் சேர்ந்தது. அவற்றை வரிசை மாற்றிச் சேர்ப்பது எழுத்துரு இயந்திரத்தின் வேலை. அது இங்கே நடப்பதில்லை. கொம்பு இடம் மாறும், கால் தனியாக நிற்கும், ‘கு’வும் ‘டு’வும் சேராமல் பிரியும். ‘டிக்கெட் தயார்’ போன்ற வரிகளை ஆப்பே தன்னுடைய எழுத்தாக அனிமேஷனுக்குக் கீழே காட்டட்டும். மொழியை மாற்றும்போது அதுவும் மாறும், திரையைப் படித்துக்காட்டும் வசதியைப் பயன்படுத்துவோருக்கும் கேட்கும். அலங்காரத்துக்கு ஓரிரு எழுத்து வேண்டியே தீரும் என்றால் Create Shapes from Text கொடுத்து வடிவமாக மாற்றுங்கள். மாற்றிய உடனே பெரிதாக்கி, எழுத்துகள் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

10. ஒரே ஃபிரேமை நிறுத்தி வைத்து ஒப்பிடுங்கள்.

ஓடும் அனிமேஷனைக் கண்ணால் ஒப்பிட்டு ‘ஏதோ குறைகிறது’ என்று சொன்னால் டெவலப்பருக்கு ஒன்றும் புரியாது. ஆப்பில் பாதி வழியில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் `setProgress(0.5f)`, ஐபோனில் `currentProgress = 0.5`. என் காட்சியில் அது 45ஆம் ஃபிரேம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் அதே ஃபிரேமில் நின்று, மூன்று படங்களையும் பக்கம் பக்கமாக வையுங்கள். நிழலின் அடர்த்தி, பள்ளத்தின் வளைவு, ஒளியின் விளிம்பு என எது எங்கே மாறியது என்று விரலை வைத்துக் காட்டலாம். லைட் மோடிலும் டார்க் மோடிலும் ஒவ்வொரு முறை பாருங்கள். கருநீல நிழல் கறுப்புத் திரையில் இல்லாமல் போவது பிழை அல்ல. அங்கே நிழலை விட்டுவிட்டு டிக்கெட்டின் விளிம்புக்கு ஒரு மெல்லிய கோடு கொடுத்தால் போதும்.

ஒரே ஒரு போனில் மட்டும் அனிமேஷன் ஓடாமல் கடைசிக் காட்சி உடனே வந்து நின்றால் கோப்பைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தப் போனின் செட்டிங்கில் அனிமேஷன்கள் அணைக்கப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு பிளேயர் அதை மதித்து நடக்கிறது. தலைசுற்றல் உள்ளவர்கள் அதை வேண்டுமென்றே அணைத்து வைத்திருப்பார்கள் என்பதால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் கடைசி ஃபிரேமில் டிக்கெட்டும் டிக் குறியும் முழுதாகத் தெரியும்படி அனிமேஷனை முடியுங்கள். அவர்கள் பார்ப்பது அந்த ஒரு படத்தைத்தான்.

11. வடிவங்களால் கட்டவே முடியாத எஃபெக்டுக்கு ஒரு சின்னப் படம்.

புகை, மணல் துகள், கறை படிந்த ஒளி போன்றவற்றுக்குக் கிரேடியன்ட் ஈடாகாது. அந்த ஒரு துண்டை மட்டும் தனி காம்பொசிஷனில் பின்னணி இல்லாமல் வைத்து, Composition மெனுவில் Save Frame As வழியாக எடுத்து, ஆல்ஃபாவோடு கூடிய பிஎன்ஜி படமாக மாற்றுங்கள். அதை லேயராக உள்ளே கொண்டுவந்து அளவு, சுழற்சி, ஒபாசிட்டி மூன்றை மட்டும் அசையுங்கள். மங்கலான விஷயம் என்பதால் 300க்கு 300 அளவே போதும். பெரிய திரையில் கொஞ்சம் இழுபட்டாலும் தெரியாது.

இப்படிச் செய்யும்போது பாடிமூவின் அந்தப் படத்தை images என்ற தனி ஃபோல்டரில் வைத்துவிடும். ஜேசன் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு ஃபோல்டரை மறந்தால் ஆப்பில் அந்த இடம் காலியாக இருக்கும். இரண்டாம் குறிப்பில் `img_` என்று தேடச் சொன்னது இதற்காகத்தான். பாடிமூவின் செட்டிங்கில் Assets பகுதிக்குப் போய், படத்தைக் கோப்புக்குள்ளேயே சேர்க்கும் Include in json வசதியைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு பெரிதாகும், ஆனால் அனுப்ப வேண்டியது ஒன்றே ஒன்றாக இருக்கும். தனி ஃபோல்டராகவே வைத்துக்கொள்ள டெவலப்பர் விரும்பினால் ஆண்ட்ராய்டில் அதன் இடத்தை அவர் இப்படிச் சொல்லவேண்டும்:

```
animationView.setImageAssetsFolder("images/")
```

படத்தைப் போட்டதும் மறுபடி 45ஆம் ஃபிரேமில் நிறுத்தி ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.